எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு வீட்டில் பவுடர் பால் கலப்பது எப்படி?

பச்சிளங்குழந்தை வார்டிலிருந்து வீட்டுக்குப் போகும் பெற்றோருக்கும், கூட இருந்து பார்த்துக்கொள்ளும் பாட்டிமாருக்கும்

2,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலை விட நல்ல உணவு கிடையாது. தாய்ப்பால் போதாததால் பவுடர் பாலும் சேர்த்துக் கொடுக்கும்படி டாக்டர் எழுதித் தந்தவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தாள். ஒவ்வொரு வேளையும் முதலில் தாய்ப்பால், அப்புறம்தான் பவுடர் பால்.

பவுடரிலும் கிருமி இருக்கலாம்

டப்பா புதிதாக, சீல் பிரிக்காமல் இருக்கிறதே என்பீர்கள். ஆனால் பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. குரோனோபாக்டர், சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அதில் இருக்க வாய்ப்புண்டு. பெரிய குழந்தை தாங்கிக்கொள்ளும். எடை குறைந்த குழந்தைக்கு ரத்தத்திலும் மூளையிலும் தொற்று வரலாம். அதனால்தான் வெந்நீரில் கலக்கச் சொல்கிறோம். சில டப்பாக்களில் வெதுவெதுப்பான நீர் என்று போட்டிருக்கும். உங்கள் குழந்தைக்கு அது போதாது; குறைந்தது 70 டிகிரி சூடு வேண்டும்.

தண்ணீர்

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தால் அதையே எடுங்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல ஊர்களில் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும். கேன் தண்ணீர் வாங்கினாலும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

கலக்கும் முறை

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாலாடை, கிண்ணம், ஸ்பூன் எல்லாவற்றையும் சோப்பால் தேய்த்துக் கழுவி, முழுவதும் மூழ்கும் அளவு தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்க விட்டு, மூடியே வையுங்கள். பாட்டி காலத்துச் சங்காக இருந்தாலும் இதே கதைதான். துணியால் துடைக்காதீர்கள், முந்தானையால் ஒரு துடைப்பு துடைத்தால் கொதிக்க வைத்தது வீண்.

ஒரு லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விட்டு இறக்குங்கள். அரை மணி நேரத்துக்குள் கலந்துவிட வேண்டும், அதற்கு மேல் ஆறினால் சூடு போதாது. காலையில் ஃபிளாஸ்கில் ஊற்றிய தண்ணீரை ராத்திரிப் பாலுக்கு எடுப்பதும் கூடாது.

முதலில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள், பிறகு பவுடர். டப்பாவில் இருக்கும் கரண்டியால் மட்டும், தலை தட்டி அளக்க வேண்டும். பல டப்பாக்களில் 30 மில்லிக்கு ஒரு கரண்டி என்றிருக்கும். உங்கள் டப்பாவில் போட்டிருப்பதைப் பாருங்கள். சீக்கிரம் எடை ஏறட்டும் என்று கூடுதலாகப் போட்டால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல். டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று நீர்க்கக் கலந்தால் குழந்தை இளைக்கும். காசு கஷ்டமாக இருந்தால் தயங்காமல் எங்களிடம் சொல்லுங்கள், வேறு வழி பார்ப்போம்.

கலந்த கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். குழந்தையைச் சாய்த்து உட்கார வைத்த மாதிரி பிடித்து, பாலாடையை உதட்டோரம் வைத்து, அது விழுங்க விழுங்கக் கொடுங்கள். வாயில் ஊற்றிவிடாதீர்கள். எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒரு முறை என்பது டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறது.

மிச்சம் இருந்தால்

குழந்தை வாய் வைத்த பாலைக் கொட்டிவிடுங்கள். வாய் வைக்காவிட்டாலும், கலந்து 2 மணி நேரம் ஆனால் கொட்டத்தான் வேண்டும். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கலப்பதே நல்லது. முடியாத வீட்டில், கலந்ததும் ஆற்றி, மூடி, ஃபிரிட்ஜின் உள்ளே பின்பக்கம் வைத்தால் 24 மணி நேரம் வரை வைக்கலாம். கதவுத் தட்டில் வைக்க வேண்டாம். எடுத்ததும் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி 15 நிமிடத்துக்குள் சூடாக்கிக் கொடுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் ஃபிரிட்ஜை நம்ப வேண்டாம். மண்பானைத் தண்ணீரில் வைத்துப் பாதுகாப்பதும் கணக்கில் வராது.

செக்கப்புக்குப் பஸ்ஸில் வரும்போது கலந்த பாலைக் கொண்டுவராதீர்கள். கிளம்பும்போது கொதிக்க வைத்த தண்ணீரை நல்ல ஃபிளாஸ்கில் எடுத்துக்கொண்டு, பவுடரைக் கொதிக்க வைத்து உலர்த்திய சின்ன டப்பாவில் அளந்து போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆறிப்போயிருந்தால் வார்டுக்கு வந்து கேளுங்கள், வெந்நீர் தருகிறோம்.

பவுடர் டப்பாவை இறுக மூடி, அடுப்புப் பக்கம் இல்லாமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வேண்டாம், ஈரக் கரண்டியும் வேண்டாம். பிரித்த தேதியை மூடியில் எழுதிவையுங்கள். எத்தனை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது டப்பாவிலேயே இருக்கும்.

சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், பசும்பால், கேழ்வரகுக் கஞ்சி எதுவும் இப்போது வேண்டாம். டீக்குப் போடும் பால் பவுடரும் இதுவும் ஒன்றல்ல.

உடனே 108-ஐக் கூப்பிட வேண்டியது எப்போது?

பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் துவண்டு கிடந்தால், உடம்பு சுட்டாலோ கைகால் சில்லிட்டாலோ, வயிறு உப்பினால், பச்சையாக வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் வந்தால், வலிப்பு வந்தால், நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்கினால். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குழந்தையை அம்மாவின் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து, மேலே போர்த்திக்கொண்டே வாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் பவுடர் டப்பாவையும் கையோடு கொண்டுவாருங்கள்.