இந்த வருஷம் வேர் விடுகிற வருஷம்

இன்று 35 முடிந்து 36. பக்கத்தில் நிற்பது புங்கங்கன்று. வயது பத்து மாதம், உயரம் இரண்டேகால் அடி, தண்டு என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் மெல்லிசு. அடுத்த பிறந்தநாளுக்கும் இதே இடத்தில் இதே கோணத்தில் ஒரு படம் வரும். அதில் மரம் என் தோளைத் தொட்டிருக்கும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். நட்ட முதல் வருஷம் கன்று பார்க்கிற வேலையில் பெரும்பகுதி மண்ணுக்குள்தான் நடக்கும். புது ஊர், புது வேலை என்று நானும் போன மாதம்தான் இடம் பெயர்ந்தவள். ஆகவே எங்கள் இருவருக்கும் இந்த வருஷக் கணக்கு ஒன்றே: உயரம் பார்ப்பதில்லை, வேர் பிடிக்கிறதா என்று பார்ப்பது.

இரண்டாவது படம் குழி. நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டடி. மூன்று நாள் முன்பே வெட்டியது. மேல்மண் ஒரு பக்கம், அடிமண் ஒரு பக்கம். வெட்டியதும் குழி நிறையத் தண்ணீர் விட்டுப் பார்த்ததில் மறுநாள் காலைக்குள் வடிந்துவிட்டது. வடியாமல் தேங்கியிருந்தால் இடத்தை மாற்றியிருப்பேன். தேங்குகிற குழியில் மூச்சுக்குக் காற்றில்லாமல் வேர் அழுகும், மேலே இலை வாடும், வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவோம், அதோடு முடிந்தது. குழியின் பக்கச் சுவர்கள் கொத்திவிட்ட மாதிரி கரடுமுரடாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. களிமண்ணில் மண்வெட்டி வழவழவென்று தேய்த்துவிட்டுப் போன சுவரை இளவேர் துளைக்கத் தடுமாறும். தொட்டிக்குள் சுற்றுவது போல உள்ளேயே சுற்றிக்கொள்ளும்.

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பை கிழித்த வேர்க்கட்டி. அடியில் ஒரு வேர் வளையமாகச் சுருண்டிருந்தது தெரிகிறதா? அதைக் கூர்மையான கத்தியால் வெட்டிவிட்டுத்தான் நட்டேன். பாவமாக இருக்கிறது என்று விட்டால், சில வருஷம் கழித்து அந்த வளையம் தடித்து மரத்தின் கழுத்தையே இறுக்கும். காற்றடித்தால் சாய்கிற மரங்களில் பல இப்படிச் சுருண்ட வேர் உள்ளவை. பழைய வேலையின் சில பழக்கங்களுக்கும் இந்த வருஷம் கத்திதான்.

குழியை நிரப்பியது மூன்று பங்கு மேல்மண், ஒரு பங்கு நன்றாக மட்கிய எரு, கூடவே 200 கிராம் வேப்பம் புண்ணாக்கு. எருவைக் கையில் எடுத்தால் சாணி வாடை வரக்கூடாது, மண் வாசனைதான் வர வேண்டும். பச்சைச் சாணம் குழிக்குள் கிடந்து சூடேறும், கரையானையும் அழைத்து வரும். வேர்க்கட்டி ஒன்பது அங்குலம்தான். எனவே அடியில் ஒன்றேகால் அடிக்கு மண்ணைப் போட்டு, காலால் மிதித்து இறுக்கிய பிறகுதான் கன்றை உட்கார வைத்தேன். மிதிக்காமல் வைத்தால் இரண்டு மழையில் மண் அமுங்கும், கன்றும் கூடவே இறங்கும், வேரும் தண்டும் சேருகிற கழுத்து மண்ணுக்குள் புதைந்து அழுகும். பையில் எந்த மட்டத்தில் மண் இருந்ததோ, தரையிலும் அதே மட்டம். ஓர் அங்குலம் கூடவும் வேண்டாம். ஆழமாக வைத்தால் உறுதியாக நிற்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். கன்றுகளைக் கொல்வதில் அந்த நினைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டு பக்கமும் இருப்பது மூங்கில் குச்சிகள். பழைய பருத்தித் துணியை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டியிருக்கிறேன். காற்றில் கன்று கொஞ்சம் ஆட வேண்டும். ஆடினால்தான் தண்டு தடிக்கும். ஆடவே விடாமல் இறுக்கிக் கட்டிய கன்று உயரமாகத் தெரியும், கட்டை அவிழ்த்த அன்றே வளையும். (எனக்கு முட்டுக்கொடுக்க நினைக்கும் அன்பர்களும் முடிச்சைக் கொஞ்சம் தளர்வாகவே போடவும்.)

இனி வருஷம் எப்படிப் போகும் என்று சொல்கிறேன், இடையில் யாரும் பதற வேண்டாம்.

முதல் மூன்று வாரம் இலை மஞ்சளாகும், சிலது கொட்டும். வேரைத் தொந்தரவு செய்ததற்குக் கன்று காட்டும் கோபம் அது. அப்போது யூரியா போடுவதுதான் பெரிய தவறு. உறிஞ்ச வேர் இல்லாதபோது உப்பு ஏறி நுனி கருகும். இலை முழுக்கக் கொட்டினாலும் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்து, பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தால் ஆள் உயிரோடுதான் இருக்கிறார். என் பக்கமிருந்தும் இப்போதைக்குச் சத்தம் வராது. சுரண்டிப் பார்க்காமல் போனில் கேட்டால் போதும்.

தண்ணீர் இன்று 15 லிட்டர். இனி மழை இல்லாத வாரங்களில் இரண்டு முறை, முறைக்கு ஒரு வாளி. ஊற்றும் முன் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்ப்பேன், ஈரம் ஒட்டினால் அன்று கிடையாது. தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் மேல்மண் மட்டும் நனையும், வேரும் மேலேயே படுத்துக்கொள்ளும். கோடையில் முதலில் காய்வது அந்த இடம்தான். நடுப்பகலில் இலை தொங்கி மாலையில் நிமிர்ந்தால் அது வெயிலுக்கு. விடிகாலையிலும் தொங்கினால் தாகம். சருகு மூடாக்கு மூன்று அங்குலக் கனம். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன், ஈரச் சருகு பட்டையை ஊறவைக்கும்.

மூன்றாம் மாதம் நுனியில் பளபளவென்று புதுத்தளிர் வந்தால் வேர் பிடித்துவிட்டது. புங்கன் இலையில் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பலாம். கண்ணுக்கே தெரியாத சிலந்திப்பேன் செய்கிற வேலை அது, பார்க்க அசிங்கம், மரத்தைக் கொல்லாது. மருந்தடிக்க மாட்டேன். புங்கன் அவரைக் குடும்பம் என்பதால் வேரில் முடிச்சுகள் கட்டி, அதில் குடியிருக்கும் பாக்டீரியா மூலம் காற்றிலிருக்கும் நைட்ரஜனைத் தனக்கு உரமாக்கிக்கொள்ளும். அந்த முடிச்சைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அதுதான் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். பிளந்து பார்க்கப் போவதில்லை, நம்பிக்கைதான்.

ஆட்டுக்கு மட்டும் சமரசம் கிடையாது. நான்கடி உயரத்தில் கம்பிவலைக் கூண்டு இன்றே போட்டாயிற்று.

கடைசிப் படத்தில் இருக்கும் நூலை யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். தரையிலிருந்து ஒரு சாண் மேலே தண்டைச் சுற்றி அளந்து வெட்டிய நூல்: மூன்றரை சென்டிமீட்டர். தண்டின் அந்த இடம் எத்தனை வருஷம் ஆனாலும் அதே ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கும். மரம் உயர்வது நுனியில் மட்டும், கீழே பருக்கத்தான் செய்யும். இன்றைய தேதி எழுதிய உறைக்குள் நூல் போயிருக்கிறது. 37 பிறக்கும் அன்று பக்கத்தில் இரண்டாவது நூல். மூங்கிலையும் அன்றுதான் பிடுங்குவேன்.

கோடையில் பிறந்தவர்கள் அன்றைக்கே நட்டாக வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். பிறந்தநாளன்று கன்றை வாங்கிப் பெரிய பைக்கு மாற்றி அரைநிழலில் வைத்து, முதல் நல்ல மழைக்குப் பிறகு நடுங்கள். மரத்துக்கு உங்கள் பிறந்தநாள் தெரியாது.

வாழ்த்துகளைக் கமெண்டில் போடுங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வரலாம், வாளியோடு வர வேண்டாம். அடுத்த தண்ணீர் முறை வியாழக்கிழமை.

#பிறந்தநாள்கன்று #புங்கன் #முதல்நூல்