வைக்கம் 1924: 'ஸ்டேச்சு' வைத்து ஒரு வரலாற்றுப் பாடம்

எட்டாம் வகுப்பு, தமிழ் வழி, கொழிஞ்சாம்பாறைப் பகுதி
நேரம்: தொடர்ந்து 2 பீரியடு, 80 நிமிடம். 32 பிள்ளைகள், எட்டு எட்டாக 4 குழு.
தேவை: சாக்பீஸ், ஒரு அட்டை, 43 புளியங்கொட்டை.

முதல் 10 நிமிடம் முற்றத்தில் ஸ்டேச்சு விளையாட்டு. "ஸ்டேச்சு" என்றதும் உறைய வேண்டும், கண் கூட அசையக்கூடாது. நான் தோளைத் தொட்டால், அந்த ஆள் அப்போது மனதில் நினைப்பதை ஒரே வரியில் சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு விதி: யார் வீட்டுச் சாதியும் இங்கே பேச்சில் வராது. பாத்திரங்களைச் சீட்டுப் போட்டுத்தான் எடுப்போம். காட்சிக்குக் காட்சி மாற்றுவோம்.

காட்சி 1: 1924 மார்ச் 30. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருவில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கக்கூடாது என்று சொல்லும் பலகை. நம் அட்டைதான் அந்தப் பலகை. அதை நோக்கி குஞ்ஞாப்பி, பாகுலேயன், கோவிந்தப் பணிக்கர் மூவரும் நடக்கிறார்கள். போலீஸ் சாதியைக் கேட்கிறது. நாயரான பணிக்கர் மட்டும் போகலாம் என்கிறது. அவர் போகவில்லை, மூவரும் கைதாகிறார்கள். இதற்கு 25 நிமிடம் கொடுக்கிறேன். பணிக்கரின் கால் எங்கே நிற்கிறது? சாக்பீஸ் கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? குழுவே சண்டை போட்டு முடிவு செய்யட்டும். போலீஸ்காரர் தோளையும் மறக்காமல் தொட வேண்டும், அவர் மனதிலும் ஏதோ ஓடியிருக்கும்.

காட்சி 2: தலைவர்கள் சிறையில். ஈரோட்டிலிருந்து பெரியார் வந்து பேசுகிறார், அவரும் சிறைக்குப் போகிறார், வெளியே வந்து மறுபடியும் போகிறார். 10 நிமிடம் போதும்.

காட்சி 3: அந்த ஆண்டு வெள்ளம். தெருவில் ஏறிய தண்ணீரில் நின்று சத்தியாகிரகம் தொடர்கிறது. நம் பிள்ளைகளுக்கு 2018 வெள்ளம் தெரியும், விளக்கம் வேண்டாம். உறைந்து 2 நிமிடம் நிற்கட்டும், வலிக்கும், வலிக்கட்டும். முடியாதவர் உட்காரலாம்.

காட்சி 4: 1925 பிப்ரவரி, திருவிதாங்கூர் சட்டமன்றம். தெருவைத் திறக்கச் சொல்லும் தீர்மானம். புளியங்கொட்டையை இரண்டு குவியலாகப் பிரிக்க வேண்டும்: ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரு கொட்டையை இந்தப் பக்கம் நகர்த்தி, மறுபடியும் பழைய இடத்தில் வைக்கச் சொல்வேன்.

இப்போது கேள்வி: எந்தக் காட்சியில் வரலாறு திரும்பியது? பலர் பெரியார் வந்ததையோ, 1925 மார்ச்சில் காந்தி வந்ததையோ சொல்வார்கள். தவறில்லை, காரணம் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் முதல் காட்சிதான். போகலாம் என்று விடப்பட்டவர் போகாமல் நின்றதும், அது ஒரு சாதியின் வழக்காக இல்லாமல் எல்லோருக்குமான வழக்காகிவிட்டது.

கடைசிக் காட்சியில் வகுப்பு முழுவதும் சதுரமாக நிற்க வேண்டும். 1925 நவம்பரில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. அந்தப் பக்கங்களில் எல்லோரும் சேர்ந்து நடக்கலாம். கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. அங்கே அட்டை மட்டும். கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12 அன்று. அதைச் சொல்லி, 'ஸ்டேச்சு' என்பேன். பெல் அடிக்கும் வரை அப்படியே.