குப்பூஸும் குற்றியலுகரமும்

ஷார்ஜா,
12 ஜனவரி 2025

அன்புள்ள பிள்ளைகளே,

பன்னிரண்டாம் வகுப்பில் என்னிடம் படித்த நீங்கள் எல்லோரும் சேர்ந்து, "அய்யா, அரபி இலக்கணம் படிக்கலாம் என்று இருக்கிறோம், எங்கே தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மகன் வீட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. நானே இரண்டு வருடமாகத்தான் படிக்கிறேன். கடைசி பெஞ்சு மாணவன் முதல் பெஞ்சுக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பயத்தை விடுங்கள். எழுத்து வலமிருந்து இடம் ஓடுவது ஒரு மாதத்தில் பழகிவிடும். இலக்கணத்தில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சொற்களை இஸ்ம், ஃபிஃல், ஹர்ஃப் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். பெயர், வினை, இடைச்சொல் என்று நான் கரும்பலகையில் எழுதியதுதான், ஏறக்குறைய. 'வீடு பெரியது' என்பதற்கு 'அல்பைத்து கபீருன்' போதும். 'இருக்கிறது' என்று நடுவில் எதுவும் வேண்டாம். நம் பெயர்ப் பயனிலையேதான்.

வேற்றுமைக்கு வருவோம். எட்டை மனப்பாடம் செய்யச் சொல்லி உங்களைப் பாடாய்ப்படுத்தினேன். இங்கே மூன்றுதான்: பைத்து, பைத்த, பைத்தி. கடைசி உயிர் மாறினால் வேற்றுமை மாறும். ஆனால் நம் 'இல்' பின்னால் ஒட்டுகிறது, அவர்களின் 'ஃபீ' முன்னால் வருகிறது: 'ஃபில் பைத்தி', வீட்டில். சிக்கல் என்னவென்றால், அந்தக் கடைசி உயிரைச் செய்தித்தாளில் எழுத மாட்டார்கள். வாசிப்பவர்தான் இலக்கணம் அறிந்து போட்டுக்கொள்ள வேண்டும்.

இதை மிகவும் சிரத்தையாகப் படித்துவிட்டு, கீழே ரொட்டிக் கடைக்குப் போய் "உரீது குப்ஸன்" என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நம் ஊர் டீக்கடையில் ஒருவர் வந்து "ஐயா, யான் அப்பம் வேண்டினேன்" என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்திருக்கும். பேச்சில் அந்த வால்களை யாரும் வைப்பதில்லை. எழுத்துக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று. தமிழனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

ஆனால் அந்தக் கடைதான் எனக்குப் பள்ளிக்கூடம். நம்மவர்கள் குப்பூஸ் என்று சொல்கிறோமே, அது குப்ஸ், ரொட்டி. சுடுபவர் கப்பாஸ். சுடும் இடம் மக்பஸ். மூன்றிலும் க, ப, ஸ என்ற மூன்று மெய்கள் அசையாமல் நிற்கின்றன. உயிர்களும் முன்னொட்டும்தான் மாறுகின்றன. மாவு ஒன்று, அச்சு வேறு. இதே 'மக்பஸ்' அச்சில் உள்ளே போகும் வழி மத்கல், வெளியே போகும் வழி மக்ரஜ் என்று சாலைப் பலகைகளில் நிற்கின்றன. பகுதியோடு விகுதி ஒட்டும் நம் பழக்கத்துக்கு இதுதான் நிஜமாகவே புதியது. நிறைய நேரம் இதற்குக் கொடுங்கள்.

விமான நிலையத்தில் வந்திறங்கும் பகுதியில் 'அல்வுஸூல்' என்று எழுதியிருப்பார்கள். வருகை என்று பொருள். நம் 'வசூல்' அங்கிருந்து வந்தது! 'மாஜி' அமைச்சர் என்கிறோமே, அதன் அரபி மூலமான 'மாளீ'தான் அரபி இலக்கணத்தில் இறந்தகாலம். 'ஆஜர்', 'பாக்கி', 'அசல்' எல்லாம் அப்படியே. தாலுகா ஆபீஸுக்குப் போய்வந்தவன் பாதி அகராதியோடுதான் தொடங்குகிறான்.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 'மாடுகள் வந்தது' என்று எழுதியதற்கு உங்கள் நோட்டில் எத்தனை சிவப்பு வட்டம் போட்டிருப்பேன்! அரபியில் அது பிழையே இல்லை, விதி. 'மாணவர்கள் புதியவர்கள்' என்றால் பன்மைக்குப் பன்மை. 'புத்தகங்கள்' என்றால் 'அல்குதுபு ஜதீததுன்': எழுவாய் பன்மை, பயனிலை பெண்பால் ஒருமை. மனிதரல்லாத பன்மை எல்லாமே அப்படித்தான் நடக்கும். அதாவது அவர்களுக்கும் ஒரு திணை இருக்கிறது, பெயர் மட்டும் வேறு. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டுக்கென்றே தனியாக உள்ள இருமை, எண்ணுப்பெயர் இரண்டும் தலைவலி. மூன்று முதல் பத்து வரை எண்ணின் பால், எண்ணப்படும் பொருளின் பாலுக்கு நேர் எதிராக இருக்கும். ஏன் என்று கேட்காதீர்கள். முதல் வருடம் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

துணிச்சலுக்கு ஒன்று சொல்கிறேன். அரபி இலக்கணத்தை எட்டாம் நூற்றாண்டில் முதன்முதலாக விரிவாக எழுதிவைத்த சீபவைஹி ஒரு பாரசீகர். வெளியிலிருந்து வந்தவருக்குத்தான் விதி கண்ணில் படும் போலிருக்கிறது.

சரி, வீட்டுப்பாடம். அடுத்த கடிதத்தில் ஆளுக்கு ஐந்து சொற்கள் வேண்டும்: நம் ஊரில் தினமும் புழங்கும், அரபியிலிருந்து வந்த சொற்கள். ஒவ்வொன்றிலும் அந்த மூன்று மெய்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்து எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன். சிவப்பு மை இங்கேயும் கிடைக்கிறது.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா