ஹாஸ்டல் ரீவயரிங் டெண்டர்: போடலாமா, விடலாமா?

பெங்களூரு, 24 அக்டோபர் 2025

மாமாவுக்கும் அத்தைக்கும்,

யெலஹங்கா பக்கம் உள்ள மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தின் ஹாஸ்டல் ரீவயரிங் டெண்டருக்கு நவம்பர் 4 கடைசி நாள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது இருக்கும் நிபந்தனைகளில் நாம் போட வேண்டாம். மாமாவுக்கு இதில் ஆர்வம் இருப்பது தெரியும். அதனால் கணக்கை முழுசாக எழுதியிருக்கிறேன்.

தகுதியில் சிக்கல் இல்லை. எஸ்டிமேட் 59 லட்சம், ஜி.எஸ்.டி. சேர்த்து. கடந்த ஏழு வருடத்தில் 40 சதவீத மதிப்பில் மூன்று வேலை, அல்லது 60 சதவீதத்தில் இரண்டு, அல்லது 80 சதவீதத்தில் ஒன்று செய்திருக்க வேண்டும். நம்மிடம் 38 லட்சத்திலும் 36.2 லட்சத்திலும் முடித்த இரண்டு வேலைகள் உள்ளன. 60 சதவீதம் என்பது 35.4 லட்சம்தான். இரண்டுமே தனியார் வேலை என்பதால் டி.டி.எஸ். சான்றிதழ் இணைக்க வேண்டும், அதை அத்தை எடுத்து வைத்துவிட்டார். உத்யம் பதிவு இருப்பதால் இ.எம்.டி. கட்டத் தேவையில்லை என்று மாமா நினைத்திருந்தீர்கள். அந்தச் சலுகை பொருள் சப்ளைக்கும் சேவைக்கும்தான், கட்டுமான ஒப்பந்தத்துக்குக் கிடையாது. டெண்டரிலும் அப்படியே போட்டிருக்கிறது. 1,18,000 கட்டியாக வேண்டும்.

இனி விலை. ஜி.எஸ்.டி.யைக் கழித்தால் எஸ்டிமேட் 50 லட்சம். எஸ்.பி. ரோட்டில் இந்த வாரம் வாங்கிய ரேட்டில் பொருள் மட்டும் 29.4 லட்சம். அதில் 13.2 லட்சம் காப்பர் வயரும் கேபிளும். கூலி 7.6, சூப்பர்வைசர், வண்டி, டெஸ்டிங் 1.9, சுவர் கொத்திப் பூசுவதற்கு 0.6, தொழிலாளர் செஸ் 0.5, வட்டி 0.7, ஆபீஸ் செலவில் இதன் பங்கு 1.8. மொத்தம் 42.5 லட்சம்.

இதே நிறுவனத்தின் கடைசி ஐந்து மின்பணி டெண்டர்களின் விலைத் திறப்பு முடிவுகளை போர்ட்டலில் பார்த்தேன். எல்-1 வந்தவர்கள் எஸ்டிமேட்டுக்கு 11, 13, 14, 16, 17 சதவீதம் கீழே போட்டிருக்கிறார்கள். நாம் 6 சதவீதம் கீழே போட்டால் 47 லட்சம், லாபம் 4.5 லட்சம், ஆனால் அந்த விலைக்கு ஐந்தில் ஒன்றுகூடக் கிடைத்திருக்காது. 12 சதவீதம் கீழே போனால் 44 லட்சம், லாபம் 1.5 லட்சம், அதாவது 3.4 சதவீதம். அந்த விலைக்கு ஐந்தில் ஒன்று கிடைத்திருக்கும். ஆள் குடியிருக்கும் கட்டடம், இரவு வேலைக்கு அனுமதி இல்லை என்பதால் இந்த முறை போட்டி கொஞ்சம் குறையலாம். அதையும் சேர்த்து, பத்தில் மூன்று வாய்ப்பு என்று தாராளமாகவே வைக்கிறேன். 16 சதவீதம் கீழே போய் ஜெயித்தால் கையிலிருந்து 50,000 போகும்.

வாய்ப்பு தனி, லாபம் தனி என்று பார்த்தால் இரண்டுமே பரவாயில்லை போலத் தெரியும். எந்த விலைக்கு வேலை கிடைக்குமோ அந்த விலையில் லாபம் எவ்வளவு என்று கேட்டால்தான் நிலவரம் புரிகிறது. அந்த லாபம் 1.5 லட்சம். காப்பர் 10 சதவீதம் ஏறினால் 1.32 லட்சம் அதிலேயே போய்விடும். விலை ஏற்றத்துக்கு ஈடு கிடையாது என்று டெண்டர் சொல்கிறது.

நேரில் பார்த்ததில் எனக்கு அதிகக் கவலை தந்தது பழைய பைப்தான். 96 அறைகள். இருக்கும் பைப்பிலேயே புது வயர் இழுக்க வேண்டும் என்று கணக்கிட்டு, பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று ரேட் கேட்கிறார்கள். இரண்டாம் மாடியில் நான்கு அறைகளில் ஸ்டீல் வயர் விட்டுப் பார்த்தோம், ஓர் அறையில் போகவில்லை. அடைத்த இடத்தில் சுவரைக் கொத்தி, புது பைப் போட்டு, பூசிக் கொடுப்பது நம் செலவு. நான் 60,000தான் வைத்திருக்கிறேன். நான்கில் ஒன்று என்ற கணக்கு எல்லா மாடிக்கும் வந்தால் 24 அறைகள். அதற்கு இந்தத் தொகை போதாது.

ஆள் விஷயம். டிசம்பர் நடுவில் ஒர்க் ஆர்டர் வந்தால் 90 நாள் மார்ச் நடுவில் முடிகிறது. ஜனவரி 5-ல் ஒயிட்ஃபீல்டு அபார்ட்மென்ட் வேலை தொடங்குகிறது. 22 லட்சம், 14 சதவீத லாபம், 20 சதவீத முன்பணம் வாங்கிவிட்டோம். அங்கே 7 வயர்மேன், பராமரிப்பு ஒப்பந்தங்களுக்கு 4 பேர், ஹாஸ்டலுக்கு 10 பேர் வேண்டும். நம்மிடம் இருப்பது 16. பொங்கல் ஜனவரி 15. திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பிள்ளைகள் ஊருக்குப் போனால் வாரம் பத்து நாள் திரும்ப மாட்டார்கள், போக வேண்டாம் என்று சொல்லவும் கூடாது. வெளியாளை வைத்தால் கூலி கால் பங்கு கூடும். ஆளையாவது தேடிப் பிடிக்கலாம், சூப்பர்வைசருக்கு எங்கே போவது? இருக்கும் இருவருக்கும் கை நிறைய வேலை. முழுநேர டிப்ளமோ இன்ஜினியர் சைட்டில் இல்லாவிட்டால் மாதம் 25,000 பிடிப்பார்கள். தாமதமானால் மாதத்துக்கு ஒரு சதவீதம், சுமார் 52,000.

பணமும் முடங்கும். 44 லட்சத்துக்குப் போட்டால் ஜி.எஸ்.டி. சேர்த்து 51.92 லட்சம். அதில் 5 சதவீதம் பெர்ஃபார்மன்ஸ் கேரண்டி 2.6 லட்சம், பில்லில் பிடிக்கும் 2.5 சதவீத டெபாசிட் 1.3 லட்சம். டெபாசிட் ஒரு வருட உத்தரவாதக் காலம் முடிந்த பிறகுதான் வரும். 1.5 லட்சம் லாபத்துக்காக 3.9 லட்சத்தைக் கட்டிப்போடுகிறோம்.

மாமா சொன்ன ஒரு காரணம் உண்மையிலேயே கனமானது. இந்த ஒரு சான்றிதழ் கையில் இருந்தால், 80 சதவீத விதிப்படி சுமார் 65 லட்சம் வரையிலான டெண்டர்களுக்குத் தகுதி வரும். நம்மைப் போன்ற சின்ன காண்டிராக்டருக்கு அது பெரிய படி, அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் வேலை தாமதமானால் சான்றிதழில் தாமதமும் பிடித்த அபராதமும் எழுதப்படும். அப்படி ஒரு தாளை நம் முதல் அரசு வேலைக்கு வாங்க எனக்கு மனமில்லை. நம்மை நம்பி முன்பணம் கொடுத்த அபார்ட்மென்ட்காரர்களை ஜனவரியில் காக்க வைப்பதும் சரியில்லை.

ஒரு வழி திறந்திருக்கிறது. காலத்தை 150 நாளாக்கவோ, கோடை விடுமுறையில் அறைகள் காலியான பிறகு தொடங்கவோ முடியுமா என்று டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதில் அக்டோபர் 30-க்குள் வர வேண்டும். இரண்டில் ஒன்றை ஒப்புக்கொண்டால் ஆள் பிரச்சினை தீரும். அப்போது 9 சதவீதம் கீழே, 45.5 லட்சத்துக்குப் போடலாம். லாபம் 3 லட்சம். எட்டில் ஒரு வாய்ப்புதான், ஆனாலும் எஸ்டிமேட் வேலை முடிந்துவிட்டதால் போடுவதற்குப் புதுச் செலவு அதிகமில்லை. அதற்குக் கீழே ஒரு ரூபாய்கூட இறங்க வேண்டாம்.

அத்தை, 30-ம் தேதி வரை எஃப்.டி.யை உடைக்க வேண்டாம். எஸ்.பி. ரோடு கடையில் கொட்டேஷனை நவம்பர் 4 வரை வைத்திருக்கச் சொல்லிவிட்டேன். 31-ம் தேதி காலை போர்ட்டலில் திருத்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு மாமாவுக்கு போன் செய்கிறேன். ஒன்றும் வரவில்லை என்றால் ஃபைலை மூடிவிட்டு, ஒயிட்ஃபீல்டு பேனலுக்கு ஆர்டர் போடலாம்.