குடும்பச் சொத்துப் பிரிவினை மற்றும் உரிமை விடுப்பு ஒப்பந்தம்

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆம் திகதி வெள்ளிக்கிழமை, திருகோணமலையில், பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக் கையொப்பமிடப்பட்டது.

காலஞ்சென்ற கந்தையா செல்லத்துரை, காலஞ்சென்ற அன்னலட்சுமி செல்லத்துரை ஆகியோரின் பிள்ளைகளான நாம் நால்வர்:

தவமணி, மூத்த மகள், பாலையூற்று, திருகோணமலை;
யோகநாதன், மூத்த மகன், கனடாவின் டொரொன்டோவில் வசிப்பவர், கனடியக் குடியுரிமையாளர்;
சிவநாதன், இளைய மகன், தம்பலகாமம்;
கலைவாணி, கடைசி மகள், உவர்மலை, திருகோணமலை.

யோகநாதன் அட்டோனித் தத்துவத்தின் மூலம் கையொப்பமிடுகிறார். அது டொரொன்டோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் சான்றுப்படுத்தப்பட்டு, 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அட்டோனித் தத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இங்கு பதியப்பட்டது. அதன் சான்றுப்படுத்திய பிரதி இந்த ஒப்பந்தத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அட்டோனியாகக் கையெழுத்திடுபவர் யோகநாதனின் மைத்துனர். இச்சொத்துகளில் அவருக்குச் சொந்தமாக எந்தப் பங்கும் இல்லை.

1. ஏன் எழுதுகிறோம்

அப்பா 2008இலும் அம்மா 2022இலும் காலமானார்கள். இருவரும் மரணசாசனம் எழுதி வைக்கவில்லை. அம்மா இருந்தவரை எவரும் பங்கு கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. இப்போது நாம் பிரிக்காமல் விட்டால் நமக்குப் பின் நம் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்குள் சின்னச் சின்னப் பங்குகளாகச் சிதறி, ஒருவரின் கையெழுத்துக்காக மற்றவர்கள் நாடு நாடாக அலைய வேண்டி வரும். பாகப்பிரிவினை வழக்கொன்று ஒரு தலைமுறைக் காலம் இழுபட்டதை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். அதனால் நால்வரும் உயிரோடும் ஒற்றுமையோடும் இருக்கும்போதே முடிக்கிறோம்.

2. எவருக்கு எவ்வளவு உரித்து

அப்பாவும் அம்மாவும் திருகோணமலையில் பிறந்து, இங்கேயே வாழ்ந்து மறைந்தவர்கள். எனவே வட மாகாணத் தமிழருக்குரிய தேசவழமை நமக்குப் பொருந்தாது; 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமே பொருந்தும். அதன்படி அப்பாவின் மறைவோடு பாதி அம்மாவுக்கும் மறுபாதி பிள்ளைகளுக்கும் சேர்ந்தது. அம்மாவின் மறைவோடு அவருடைய பாதியும் நமக்கு வந்தது. ஆக ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு. ஆணென்றும் பெண்ணென்றும் இதில் வேறுபாடு இல்லை.

இருவரின் சொத்துக்கும் திருகோணமலை மாவட்ட நீதிமன்றம் 2024இல் தவமணிக்கு நிருவாகக் கடிதம் வழங்கியது. அவர் நிருவாகி என்ற முறையிலும் இதில் ஒப்பமிடுகிறார்.

3. தவமணியின் சீதனம்

இதில்தான் நாம் அதிக நேரம் பேசினோம், ஆகவே மனத்தாங்கல் எதுவும் மிஞ்சாதபடி விரிவாக எழுதுகிறோம். 1994இல் தவமணியின் கலியாணத்தின்போது அப்பா பாலையூற்றில் ஒரு வீட்டை உறுதி எழுதிக் கொடுத்தார். தேசவழமை பொருந்தாததால் சீதனம் வாங்கிய மகள் என்ற காரணத்தால் தவமணி உரித்தை இழக்கமாட்டார். ஆனால் பெற்றோரிடமிருந்து மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாகப் பெற்றதைப் பங்குக் கணக்கில் சேர்க்க வேண்டுமென்று 1876ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கொடுத்தவரே விலக்கியிருந்தால் தவிர. அப்பா அப்படி விலக்கினார் என்பதற்கு எழுத்து எதுவும் இல்லை. அவர் மனதில் என்ன இருந்ததென்று ஊகித்து ஒருவரோடொருவர் வாதாட நாம் விரும்பவில்லை.

ஆகவே நாம் ஒத்துக்கொண்டது இது: பாலையூற்று வீடு தவமணிக்கே முழுமையாகச் சொந்தம், அதைத் திரும்பக் கொடுக்க வேண்டியதில்லை. அதற்கு ஈடாக அவர் உவர்மலை வீட்டிலும் தம்பலகாமம் வயலிலும் உள்ள தன் பங்கை விட்டுக்கொடுத்து, 5ஆம் பிரிவிலுள்ள பணத்தையும் செலுத்துகிறார். இதற்குப் பின் சீதனத்தைக் காட்டி அவரிடமிருந்து எதுவும் கேட்கப்படமாட்டாது. சீதனம் குறைவாகக் கிடைத்தது என்று அவரும் கேட்கமாட்டார்.

4. சொத்துகளும் பங்கீடும்

(அ) உவர்மலை வீடும் வளவும். 18 பேர்ச். அப்பா 1976இல் அறுதி உறுதியால் வாங்கியது. வடக்கே வீதி, கிழக்கே அயலவர் காணி, தெற்கே ஒழுங்கை, மேற்கே அயலவர் மதில். கிணறு, மரங்கள், மின் இணைப்பு, நீர் இணைப்பு அனைத்துடனும் முழுமையாகக் கலைவாணிக்கு.

கலைவாணி ஏன் இந்த வீட்டைப் பெறுகிறார் என்பதையும் எழுதுகிறோம். 2015இல் அம்மா படுத்த படுக்கையானதிலிருந்து இறுதி வரை அவரைப் பார்த்தவர் கலைவாணி. அதற்காக அரசாங்க வேலைக்குக் கிடைத்த இடமாற்றத்தையும் விட்டார். இந்தப் பங்கு அதற்கான கூலியல்ல. அவருக்கு இருப்பிடம் உறுதியாக வேண்டும் என்ற நம் எல்லோருடைய விருப்பம். அம்மாவின் ஆட்டைத் திவசம் இந்த வீட்டிலேயே நடக்கும். மற்ற மூவரும் வந்து கலந்துகொள்வார்கள்.

(ஆ) தம்பலகாமம் வயல். உறுதிக் காணி 3 ஏக்கர், கந்தளாய்க் குளத்துப் பாசனத்தில் உள்ளது. முழுமையாகச் சிவநாதனுக்கு.

(இ) தம்பலகாமம் அனுமதிப்பத்திரக் காணி. 2 ஏக்கர். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அப்பாவுக்குக் கொடுக்கப்பட்டது. இது அரச காணி. உறுதி எழுதி நாமாகப் பிரிக்க முடியாது, பிரித்தாலும் செல்லாது. எனவே இந்த ஒப்பந்தத்தால் இது கைமாறவில்லை. அம்மாவுக்குப் பின் சிவநாதன் என்று அப்பா பின்னுரித்தாளராக நியமித்திருந்தார். அந்த நியமனத்தை மற்ற மூவரும் ஏற்று, தம்பலகாமம் பிரதேச செயலகத்தில் ஆட்சேபமில்லை என்று எழுதிக் கொடுப்போம். செயலகம் வேறு முடிவெடுத்தால் அதனால் மேலேயுள்ள வயல் பங்கீடு மாறாது.

(ஈ) நிலாவெளித் தென்னங்காணி. பழைய உறுதியில் 1 ஏக்கர் 2 றூட். 1990 இடப்பெயர்வில் மூல உறுதி தொலைந்தது. காணிப் பதிவகத்திலிருந்து சான்றுப்படுத்திய பிரதி எடுத்திருக்கிறோம். 2004 கடற்கோளில் கிழக்கு எல்லைக் கற்களும் வேலியும் அள்ளுண்டு போயின. உரிமம் பெற்ற நில அளவையாளர் 2024 நவம்பர் 20இல் வரைந்த வரைபடப்படி இன்று கண்டது 1 ஏக்கர் 1 றூட் 22 பேர்ச், அதாவது 222 பேர்ச். பழைய அளவுக்கும் இதற்கும் 18 பேர்ச் வித்தியாசம்.

வரைபடத்தில் உள்ளதை மட்டுமே பிரிக்கிறோம். வடக்குத் துண்டு, 1ஆம் இலக்கம், 120 பேர்ச்: தவமணிக்கு. தெற்குத் துண்டு, 2ஆம் இலக்கம், 102 பேர்ச், கிணறோடு: சிவநாதனுக்கு. வடக்குத் துண்டிலிருந்து கிணற்றுக்கு 10 அடிப் பாதையும், தண்ணீர் அள்ளும் உரித்தும் தவமணிக்கும் அவருக்குப் பின்வருவோருக்கும் என்றென்றும் உண்டு. காணாமல் போன 18 பேர்ச்சை ஒருவர் சட்டப்படி மீட்டால், அது எந்தத் துண்டை ஒட்டியிருக்கிறதோ அந்தத் துண்டுக்காரருக்கே சேரும்; மற்றவர் பணமோ பங்கோ கேட்கக்கூடாது. கடலோரமென்பதால் கட்டட வேலைகளுக்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்கள அனுமதி தேவைப்படலாம். அதைப் பெறுவது அவரவர் பொறுப்பு. அனுமதி கிடைக்காவிட்டாலும் பங்கீடு மாறாது.

(உ) நகைகள் அம்மாவின் விருப்பப்படி ஏற்கெனவே பகிரப்பட்டுவிட்டன. அதில் பேச ஒன்றுமில்லை.

5. யோகநாதனுக்குரியது

யோகநாதன் கனடியக் குடியுரிமையாளர். மரபுரிமையால் அவருக்கு வந்த பங்கை அவர் வைத்திருக்கலாம். ஆனால் மற்றவர்களின் பங்குகளை அவருக்குக் கைமாற்றுவதில் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி கட்டுப்பாட்டுச் சட்டம் குறுக்கிடலாம். ஆகவே அவர் காணியாக எதையும் எடுக்கவில்லை. தவமணியும் சிவநாதனும் தலா 20 இலட்சம் ரூபா, மொத்தம் 40 இலட்சம் ரூபா, இலங்கை வங்கிக் கணக்கொன்றுக்குச் செலுத்தியுள்ளனர். முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதை அவர் இதனால் ஒப்புக்கொள்கிறார். உவர்மலை வீட்டிலுள்ள தன் நாலில் ஒரு பங்கை அன்பின் நிமித்தம் கலைவாணிக்கு விடுகிறார். அதற்குப் பணம் பெறவில்லை.

6. உரிமை விடுப்பு

ஒவ்வொருவரும் மற்றவருக்குப் பங்கிடப்பட்ட சொத்தில் தமக்கிருந்த எல்லா உரித்தையும் முழுமையாகவும் திரும்பப் பெற முடியாதபடியும் விடுகிறோம். குறிப்பாக:

சிவநாதன் 2008 முதல் வயலில் எடுத்த விளைச்சலுக்கு எவரும் கணக்குக் கேட்கமாட்டோம். நிலாவெளித் தேங்காய் வருமானமும் அப்படியே. அம்மாவின் வைத்தியத்துக்கும் உவர்மலை வீட்டுக் கூரைத் திருத்தத்துக்கும் யோகநாதன் அனுப்பிய பணத்தை அவர் திரும்பக் கேட்கமாட்டார். அது மகனின் கடமையாகச் செய்ததென்று அவரே சொல்லியிருக்கிறார். கலைவாணி வீட்டிலிருந்த காலத்துக்கு வாடகை கேட்கமாட்டோம். பத்து வருடத்துக்கு மேல் ஆண்டுவந்தேன் என்று 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டத்தைக் காட்டி, இந்தப் பங்கீட்டுக்கு மாறாக எவரும் உரித்துக் கொண்டாடமாட்டோம். இச்சொத்துகளுக்குப் பாகப்பிரிவினை வழக்கும் தொடுக்கமாட்டோம்.

இந்த விடுப்பு நம் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும். ஆனால் மூன்று விஷயங்கள் இதில் அடங்கா: பின்னர் தெரியவரும் பெற்றோரின் வேறு சொத்து (அது நால்வருக்கும் சமன்), நமக்குத் தெரியாத பெற்றோரின் கடன் (அதையும் சமனாகப் பொறுப்போம்), இந்த ஒப்பந்தத்தை ஒருவர் மீறுவதால் எழும் கோரிக்கை.

7. உறுதியும் பதிவும்

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி தொடர்பான உரித்து, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிருக்க எழுதப்படாவிட்டால் வலுவற்றது. வீட்டு மேசையில் இருந்து எழுதிக் கையெழுத்து வைத்தால் போதாது. அதனால்தான் இதை நொத்தாரிசு முன்னிலையில் செய்கிறோம்.

எழுதினால் மட்டும் போதாது, பதியவும் வேண்டும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, பதியாத உறுதி, பிறகு விலை கொடுத்து வாங்கி முறையாகப் பதிந்தவருக்கு எதிராகச் செல்லாது போகலாம். ஆகவே:

இன்றிலிருந்து 60 நாட்களுக்குள் முதலில் தவமணி நிருவாகியின் உறுதியை எழுதுவார். அதன்மேல் நால்வரும் பிரிவிடு உறுதியில் ஒப்பமிடுவோம். இந்த வரிசை மாறக்கூடாது, ஏனெனில் உரித்துச் சங்கிலி அறுந்தால் பின்னால் வாங்குபவரோ வங்கியோ ஏற்கமாட்டார்கள். ஒவ்வொரு உறுதியும் அதே காணியின் பதிவேட்டுப் பக்கத்தில் திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். வேறு பக்கத்தில் பதிந்தால் பதிந்ததாகவே கருத முடியாமல் போகலாம். பதிந்தபின் பதிவேட்டுப் பிரதி ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்படும். எல்லையிலோ அளவிலோ பிழை கண்டால், அறிவித்த 30 நாட்களுக்குள் திருத்த உறுதிக்கு நால்வரும் ஒப்பமிட வேண்டும். யோகநாதனின் அட்டோனித் தத்துவம் அதுவரை ரத்துச் செய்யப்படமாட்டாது.

பதிவு முடியும் வரை எவரும் தன் பங்கை விற்கவோ ஈடு வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது.

முத்திரைத் தீர்வை, நொத்தாரிசுக் கட்டணம், அளவைச் செலவு ஆகியவற்றைத் தவமணி, சிவநாதன், கலைவாணி மூவரும் சமனாகக் கட்டுவார்கள். இன்றிலிருந்து ஆதனவரியும் நீர்வரியும் அவரவருடையது.

8. கருத்து வேறுபாடு

பிணக்கு வந்தால் முதலில் நால்வரும் கூடிப் பேசுவோம். தீராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போவோம். அங்கும் தீராவிட்டால் மட்டுமே திருகோணமலை மாவட்ட நீதிமன்றம். பதியப்பட்ட உறுதியை நால்வரும் ஒப்பமிடாத வேறு எழுத்து மாற்றாது.

9. விளங்கிச் சம்மதித்தது

இந்த ஒப்பந்தம் தமிழில் நமக்கு உரத்து வாசிக்கப்பட்டது. தனித்தனியே சட்டத்தரணியிடம் ஆலோசனை கேட்கும் அவகாசம் இருந்தது. யோகநாதனுக்கு வரைவு முன்கூட்டி அனுப்பப்பட்டு, அவர் கேட்ட திருத்தங்கள் சேர்க்கப்பட்டன. எவரும் எவரையும் வற்புறுத்தவில்லை. நான்கு மூலப் பிரதிகளில் ஒப்பமிடுகிறோம்.

தவமணி (தனக்காகவும் நிருவாகியாகவும்) – ஒப்பம்
யோகநாதனுக்காக அவரது அட்டோனி – ஒப்பம்
சிவநாதன் – ஒப்பம்
கலைவாணி – ஒப்பம்

சாட்சிகள் இருவர் – ஒப்பம். இருவரும் ஒப்பமிட்டவர்களை நேரில் அறிந்தவர்கள். பங்குதாரர் எவருக்கும் நெருங்கிய உறவினர் அல்லர்.

மேற்படி நால்வரில் மூவரும், நான்காமவரின் அட்டோனியும், சாட்சிகள் இருவரும், நானும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்க இது ஒப்பமிடப்பட்டது என்றும், ஒப்பமிடு முன் முழுவதும் வாசித்து விளக்கப்பட்டது என்றும் சான்றுப்படுத்துகிறேன்.

பிரசித்த நொத்தாரிசு, திருகோணமலை – ஒப்பமும் முத்திரையும்