பசியாறிய பிறகு படித்தால் போதும்

வணக்கம் சரவணன்,

காலை வணக்கம் என்று ஒரு பூப்படம் அனுப்பிவிட்டு, நீங்கள் ஏதாவது எழுதும் வரைக்கும் காத்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முதல் சந்திப்பு முடிந்ததும் இரண்டு நாளாவது பேசாமல் இருக்க வேண்டும், அப்போதுதான் மதிப்பு என்று என் தோழி அடித்துச் சொல்வாள். எனக்கு அப்படி இருக்க வரவில்லை. நேற்று மாலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உங்களை மறுபடி பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

ராத்திரி நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இன்னும் அழிக்கவில்லை. பாதிக்கு மேல் கடல் காற்றின் இரைச்சல்தான். நடுவில் "ஃபெர்ரி கிளம்பிருச்சு, நீங்க வீட்டுக்குப் போயிட்டீங்களா" என்று மட்டும் கேட்கிறது. அப்போது நான் ஆயர் ஈத்தாம் போய்ச் சேர்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. "தே கலக்கவா?" என்றார். அவ்வளவுதான். அம்மா கேள்வி கேட்காமல் இருப்பது எங்கள் வீட்டில் பெரிய விஷயம்.

நான்கு வாரம் எழுத்திலேயே பேசிவிட்டு ஒருவரை நேரில் பார்க்கப் போகும்போது எனக்குள் ஒரு பயம் இருந்தது. எழுத்தில் இருக்கிற ஆள் வேறு, எதிரில் வந்து நிற்கிற ஆள் வேறு என்று ஆகிவிடுமோ என்று. குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் வாசலில் நீங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அது பாதி போய்விட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்து, உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு, நெற்றியில் திருநீறோடு நின்றீர்கள். படத்தில் இருப்பதைவிட மெலிந்து தெரிந்தீர்கள். சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

மழை வந்தபோது அஞ்சடியில் ஒதுங்கி நின்றோமே, அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் காலையிலிருந்து திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். சாரல் அடிக்கிற பக்கத்தில் நீங்களாகவே போய் நின்றுகொண்டீர்கள். அதைச் செய்ததாகக்கூட உங்களுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அப்புறம் அந்தக் கடைச் சுவரில் காரை உதிர்ந்து கிடந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தீர்கள். "இது சிமெண்டு பூசின சுவர், அதான் இப்படி" என்றீர்கள். நூறு வருஷத்துச் செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் போக வழி இல்லாமல் உள்ளேயே நின்று செங்கல்லை அரித்துவிடும் என்று சொன்னீர்கள். ஜார்ஜ்டவுனில் இத்தனை வருஷமாக நடக்கிறேன். உதிர்ந்து கிடக்கிற சுவரைப் பார்த்தால், பழசு, அதனால் உதிர்கிறது என்றுதான் நினைத்திருக்கிறேன். அதைக் காப்பாற்ற நினைத்துச் செய்த வேலையே அதைக் கெடுக்கும் என்று தெரியாது. ஆனால் சொன்ன விஷயத்தைவிட, நீங்கள் கை வைத்த விதம்தான் மனசில் நிற்கிறது. என் வகுப்பில் ஒரு பிள்ளை சோர்ந்து உட்கார்ந்திருந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன். அதே மாதிரி இருந்தது.

வகுப்பு என்றதும் இன்னொன்று. பள்ளிக்கூடம் வந்து இத்தனை மாதமாக யாரிடமும் வாய் திறக்காத ஒரு பையனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் வெள்ளிக்கிழமை முதல் முறையாகப் பேசினான் என்று சொல்லும்போதே வடையும் தேயும் வந்துவிட்டன. பேச்சு எங்கேயோ போய்விட்டது. நானே மறந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து, மணிக்கூண்டைத் தாண்டிப் போகும்போது, "அந்தப் பையன் என்ன சொன்னான்னு நீங்க சொல்லவே இல்லையே" என்று கேட்டீர்கள். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் கதையை யாரும் அப்படித் திரும்பக் கேட்டதில்லை சரவணன். பொதுவாக எல்லாரும் தலையாட்டுவார்கள், பிறகு பள்ளி லீவு எப்போது என்று கேட்பார்கள். "டீச்சர், மழை" என்றான் என்று நான் சொன்னதும் நீங்கள் நடக்காமல் அப்படியே நின்றுவிட்டீர்கள். அந்த இரண்டு வார்த்தை எனக்கு எவ்வளவு பெரியது என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

மணிக்கூண்டைப் பற்றி நீங்கள் சொன்னதையும் அம்மாவிடம் சொன்னேன். விக்டோரியா மகாராணி ஆட்சிக்கு வந்து அறுபது வருஷம் ஆனதற்காகக் கட்டியது, வருஷத்துக்கு ஓர் அடி என்று 60 அடி. சண்டைக் காலத்தில் குண்டு விழுந்த அதிர்ச்சியில் கொஞ்சம் சாய்ந்தது. "நானும் சின்ன வயசுலருந்து பார்க்கிறேன், என் கண்ணுதான் சரியில்லைன்னு நினைச்சேன்" என்றார் அம்மா.

சரி. இப்போது நான் உண்மையில் எழுத வந்த விஷயம்.

சாப்பிடும்போது நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "ரொம்ப நாளா யாரையும் பார்க்கலைன்னு எழுதினீங்க. இப்ப ஏன்?" நான் பதில் சொல்லாமல் ரசம் வேண்டுமா என்று கேட்டேன். நீங்களும் விட்டுவிட்டீர்கள். வற்புறுத்தாமல் விட்டதற்கு நன்றி. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தராமல் இரண்டாம் முறை உங்கள் எதிரில் வந்து உட்கார எனக்கு மனசில்லை.

என் அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. மூன்று வருஷம் டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். பள்ளி விட்டதும் நான்தான் காடியில் அழைத்துப் போவேன். அவர் உள்ளே இருக்கும்போது வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் திருத்துவேன். திரும்பும்போது அவருக்கு உடம்பெல்லாம் துவண்டிருக்கும், கண்ணை மூடிக்கொண்டு என் பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டு வருவார். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். வாழைப்பழம் அவருக்கு உயிர், அதையும் நிறுத்தியாகிவிட்டது. அந்த மூன்று வருஷத்தில் என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்று நான் கேட்டதும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கேட்பதையே நிறுத்திவிட்டேன். போன வருஷம் அப்பா தவறிவிட்டார். அதற்குப் பிறகு செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நேற்று சனிக்கிழமை. அதனால்தான் அந்த நாளைச் சொன்னேன்.

நேற்றே இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னைப் பார்த்துப் பாவப்படுவீர்களோ என்று இருந்தது. முதல் நாளே அந்தப் பார்வையை வாங்க நான் விரும்பவில்லை. பிறகு, இலை போட்டுச் சோறு வந்த கையோடு, "ஒரு நிமிஷம், அப்பாவுக்கு ஒரு போன்" என்று எழுந்து வெளியே போனீர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் பேசுவது எனக்குக் கேட்டது. "மேசை மேல நீலப் பெட்டி இருக்குப்பா. ராத்திரின்னு எழுதியிருக்கிற கட்டம். ஆமா, அதுதான். முழுங்கிட்டீங்களா? தண்ணி குடிங்க." பொறுமையாக, ஒரே விஷயத்தை மூன்று தடவை, மூன்றாவது தடவையும் முதல் தடவை மாதிரியே சொன்னீர்கள். திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டீர்கள். அப்பாவுக்கு மறதி அதிகமாகிவிட்டது, போன் பண்ணாவிட்டால் மாத்திரையை விட்டுவிடுவார் என்றீர்கள். ஜெட்டியில் நிற்கும்போது இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டீர்கள், முதல் நாளே நடுவில் எழுந்து போய்விட்டேன் என்று.

தயவுசெய்து அதற்கு இனிமேல் மன்னிப்புக் கேட்காதீர்கள். நீங்கள் வெளியே நின்றுகொண்டிருந்த அந்த ஐந்து நிமிஷத்தில்தான் நான் முடிவு செய்தேன். அந்தக் குரல் எனக்குத் தெரியும். நானும் அதே குரலில் பேசியிருக்கிறேன். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, அதனால்தான் நீங்கள் வந்து உட்கார்ந்ததும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன். உங்களுக்குக் கோபமோ என்று பட்டிருந்தால் அது இல்லை. நேர்மாறு.

கிளம்பும்போது, "இனிமே வாங்க போங்க வேண்டாமே, நீன்னே சொல்லுங்க" என்று நீங்கள் சொன்னீர்கள். அதைச் சொல்லும்போதே "சொல்லுங்க" என்றுதான் உங்களுக்கும் வந்தது. எனக்கும் இன்று எழுதும்போது நீங்கள் என்றுதான் வருகிறது. எழுத்தில் முதல் தடவை "நீ" என்று கூப்பிட எனக்கு இஷ்டமில்லை. அதை நேரில், உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிறு காலை உங்களுக்கு முடியுமா? தண்ணீர்மலைக்கு ஏறலாம் என்று நினைத்தேன். கீழிருந்து 513 படி, வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடலாம். முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்கி, பூ மலையில் மரத்தடியாகக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, எங்காவது ரொட்டி சானாய் பசியாறலாம். தைப்பூசத்தன்று தவிர நான் அங்கே போய் நாளாகிவிட்டது. அப்பா இருந்தபோது கடைசியாக எல்லாரும் சேர்ந்து ஏறிய இடமும் அதுதான்.

ஆனால் அப்பாவை விட்டுவிட்டு அவ்வளவு நேரம் இந்தப் பக்கம் வருவது உங்களுக்குச் சிரமமாக இருந்தால் வேறு மாதிரி செய்யலாம். நான் ஃபெர்ரி ஏறி பட்டர்வொர்த் வருகிறேன். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏதாவது கடையில் ஒரு மணி நேரம் உட்காரலாம். அப்பா நடக்கக்கூடியவர் என்றால் அவரும் வரட்டும். இரண்டாவது சந்திப்பிலேயே வீட்டு மனிதரா என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு அதில் கூச்சம் இல்லை. உங்களுக்கு இருந்தால் அதுவும் சரி, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வேன்.

நேற்று எனக்கு இருந்த மாதிரி உங்களுக்கு இல்லை என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடுங்கள். வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தச் சுவரையும், என் வகுப்புப் பையனைப் பற்றி நீங்கள் கேட்டதையும் நல்லபடியாகத்தான் நினைத்துக்கொள்வேன்.

இப்போது மணி ஏழரை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவுக்குத் தலை குளிப்பாட்டி, சவரம் செய்து, இட்லி வாங்கி வந்து கொடுப்பேன் என்று சொன்னீர்கள். அந்த வேலையெல்லாம் முடியட்டும். அவர் பசியாறி, நீங்களும் பசியாறிய பிறகு இதைப் படித்தால் போதும்.

வாணி