வரித்தலை வாத்து விடு தூது

வெள்ளைத் தலையின் பின்புறம்
மைக்கோடு இரண்டு தீட்டிய
வரித்தலை வாத்தே,
லடாக்கின் ஸோ மோரிரி ஏரி ஓரத்தில் உறையத் தொடங்கிவிட்டது.
நேற்று மாலை உன் குஞ்சுகளை வரிசையில் நிறுத்திச்
சிறகடிக்க வைத்துக்கொண்டிருந்தாய்.
ரேஷன் லாரியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.
மூட்டை கட்டிவிட்டாய் என்று தெரிந்தது.
போகுமுன் சற்று நில்.
ஒரு சேதி இருக்கிறது. எடை இல்லாத சேதி.

என் முகாம் எங்கே என்று உன்னிடம் சொல்ல மாட்டேன்.
வழியில் நீ யார் யாரோடு பேசுவாயோ!
ஆனால் நாம் இருவரும் ஒரே இனம்.
ஆய்வாளர் யாரோ உன் கழுத்தில் மாட்டிய
பச்சை வளையத்தில் ஓர் எழுத்து, இரண்டு எண்.
என் சட்டைக்குள் தொங்கும் தகட்டிலும் எண்தான்.
எண்ணுள்ளவனுக்கு எண்ணுள்ளவர் உதவாமல்
வேறு யார் உதவுவார்?

மேகத்தைக் கேட்டுப் பார்க்கலாம் என்றால்
அது மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு
இங்கே வெறுங்கையோடு வருகிறது.
கிளி நல்லதுதான்;
ஆனால் சொன்னதையெல்லாம் மூலைக்கரைப்பட்டிச் சந்தையிலும் சொல்லும்.
நெஞ்சைத் தூது விடலாம் என்றார்கள் பழம்புலவர்கள்.
போன சித்திரையில் விடுப்பு முடிந்து ரயில் ஏறும்போதே
அது அவளோடு நின்றுவிட்டது.
திரும்பி வராததை எப்படி மறுபடி அனுப்புவது?

தொலைபேசி இல்லையா என்கிறாய்.
இருக்கிறது.
மேட்டில் ஏறி நின்றால் இரண்டு கோடு சிக்னல்,
எனக்குப் பின்னால் ஒன்பது பேர் வரிசை.
படத்தில் அவள் முகம் கட்டம் கட்டமாக உடைந்து
வாய் திறந்தபடியே நின்றுவிடும்.
"சாப்பிட்டாயா?" கேட்கலாம்.
"அம்மாவுக்கு மாத்திரை வாங்கினாயா?" கேட்கலாம்.
அதற்குமேல் கேட்க வேண்டுமானால்
நடுவே கொஞ்சம் பேசாமல் இருக்க வேண்டும்.
அந்த மேட்டில் பேசாமல் நின்றால்
"முடிந்ததா அண்ணே?" என்று தோளில் தட்டுகிறார்கள்.

எப்போதும் "சரி அத்தான்" என்பவள்
போன வாரத்து ஞாயிறு "சரி" என்றாள்.
அவ்வளவுதான்.
அதிலிருந்து விழுந்த ஒரு சொல்லைத்தான்
பத்து நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

புலவர்கள் அன்னம் என்றது
உன்னைத்தான் என்று சொல்வோர் உண்டு.
பிசிராந்தையார் குமரித்துறையில்
அயிரை மீன் தின்ற உன் முன்னோரைப் பார்த்து
வடமலைக்குப் போகிறாயா, வழியில் சோழன் ஊரில் இறங்கு,
ஆந்தையின் அடியவன் என்று சொல் என்றார்.
அவர் தெற்கே நின்று சொன்னார்.
நான் வடமலையில் நின்று
குமரிப் பக்கம் போகச் சொல்கிறேன்.
பழைய பாதைதான். பயணம்தான் தலைகீழ்.

வழி சொல்கிறேன், கேள்.
இமயத்தை இரவில் கடப்பது உன் வழக்கம்.
குளிர்ந்த காற்று கனமாக இருக்கும், சிறகைத் தாங்கும்.
7,000 மீட்டரையும் உன் இனம் தாண்டியதைக்
கருவி கட்டிக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.
நான் 4,500 மீட்டரில் பத்துப் படி ஏறினால்
பதினோராவது படியில் உட்கார்ந்துவிடுகிறேன்.

மலை இறங்கியதும் பியாஸ் ஆற்றை மறித்த பாங் அணை.
உன் உறவினர் ஆயிரக்கணக்கில் அங்கே இறங்குவார்கள்.
"இங்கேயே இரு, கோதுமை முளைத்திருக்கிறது" என்பார்கள்.
எங்கள் முகாமிலும் அப்படித்தான்,
பக்கத்து மாநிலத்துக்காரன் பத்து மணி நேரத்தில் வீடு சேர்ந்துவிடுவான்.
நமக்குத் தூரம் அதிகம். இரண்டு நாள் தங்கிவிட்டுக் கிளம்பு.
நர்மதை, கோதாவரி, கிருஷ்ணை என்று
ஆறுகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வா.
கதக் மாவட்டத்தில் மாகடி ஏரி வரும்.
அங்கே இரவில் இறங்கி மேய வயல்கள் உண்டு.
அதுதான் கடைசிச் சபலம்.
அங்கு தங்கிவிட்ட வாத்துகளை நான் குறை சொல்லவில்லை.
அவற்றிடம் யாரும் சேதி கொடுத்தனுப்பவில்லை.

காவிரி, வைகை தாண்டிக்
கயத்தாற்றில் காற்றாலைகள் சுற்றும். தாழப் பறக்காதே.
மின்கம்பியையும் பார்த்துக்கொள்.
பழைய தூதுகளில் இந்த எச்சரிக்கை கிடையாது.
தாமிரபரணியைக் கடந்து சற்றுத் தெற்கே வந்தால்
கூந்தன்குளம்.
பணகுடிக் காற்றாலைகள் தெரிந்துவிட்டால்
தாண்டிவிட்டாய் என்று பொருள். திரும்பு.

மழை பெய்து மணிமுத்தாற்றுக் கால்வாயும் ஓடியிருந்தால்
மார்கழியில் குளம் தளும்பும்.
ஊருக்குள் பயமின்றி வா.
உங்களுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்.
உங்கள் எச்சம் கலந்த நீரை வயலுக்குப் பாய்ச்சிவிட்டு
விளைச்சலைப் பார்த்துச் சிரிக்கும் ஊர்.
வீட்டு மரத்தில் நாரை கூடு கட்டினால்
முற்றம் நாறுகிறது என்று ஒருவரும் விரட்ட மாட்டார்கள்.

ஓட்டு வீடு. பின்கட்டில் வேம்பு.
வேம்பில் மூன்று பழைய கூடு.
திண்ணையில் மடியில் முறத்தோடு
பீடி சுற்றிக்கொண்டு ஒருத்தி இருப்பாள்.
அந்தத் தெருவில் நாலைந்து பேர் அப்படி இருப்பார்கள்.
அவளுக்கு அடையாளம் சொல்கிறேன்:
இலையைக் கத்தரிக்கும்போது கீழுதட்டைக் கடிப்பாள்.
தூள் வைத்துச் சுருட்டி, முனை மடக்கி,
நூலை இரண்டு சுற்றுச் சுற்றுகிற நேரத்தில்
சாலையில் பஸ் சத்தம் கேட்டால் மட்டும்
நிமிர்ந்து பார்ப்பாள்.
வலது மணிக்கட்டில் சிறிய தழும்பு;
கூட்டிலிருந்து விழுந்த நாரைக் குஞ்சு ஒன்றுக்கு
மீன் ஊட்டப் போய்க் கொத்து வாங்கியது.

அம்மா பக்கத்தில் இருந்தால் பேசாதே.
கட்டிய பீடியைக் கடையில் எண்ணிக் கொடுத்துவிட்டு வரும்போதும் பேசாதே;
கட்டு தள்ளுபடியான கோபத்தில் இருக்கலாம்.
மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த பிறகு
வேம்படிக்கு வருவாள். அப்போது சொல்.

நீட்டிப்புப் படிவம் வந்திருக்கிறது.
இன்னும் இரண்டு ஆண்டுப் பணி.
இரண்டு ஆண்டுச் சம்பளத்தில்
பின்கட்டுக்குக் கூரை போட்டுவிடலாம்.
இரண்டு பொங்கலும் அந்தக் கூரையோடு போய்விடும்.
"எல்லோரும் போடுகிறார்கள்" என்று நான் சொன்னேன்.
போட்டுவிட்டேன் என்று எடுத்துக்கொண்டாள்.
அதற்குத்தான் அந்தச் "சரி".

போடவில்லை என்று சொல்.
நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்,
மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது என்று சொல்.
வந்துவிடு என்று அவள் சொல்வாளா என்பது தெரியாமல்தான்
எல்லோர்மேலும் பழியைப் போட்டுப் பேசினேன் என்று சொல்.
இதைச் சொல்லும்போது மட்டும்
கொஞ்சம் மெதுவாகச் சொல்.

பங்குனியில் நீ வடக்கே கிளம்புவாய்.
ஏரி உருகும்போது வந்து சேர்வாய்.
படிவத்துக்கு அதுவரை கெடு இருக்கிறது.
பழங்காலத்தில் தூது போனவர்
மாலை வாங்கி வர வேண்டுமாம்.
மாலை வேண்டாம், இமயம் தாண்ட உனக்குப் பாரம்.
அவளிடம் பீடி கட்டும் சிவப்பு நூல் இருக்கும்.
வரச் சொல்கிறாள் என்றால்
உன் மஞ்சள் காலில் ஒரு சுற்று.
வேண்டாம் என்றால் வெறுங்காலோடு வா;
அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

இன்னொன்று, பயந்து பறந்துவிடாதே.
நூலைக் கத்தரியால் வெட்ட மாட்டாள்.
முடிச்சுப் போட்டதும் குனிந்து
பல்லால் கடித்துத்தான் அறுப்பாள்.
அதுவரை
காலை அசைக்காமல் வைத்திரு.